கறுப்பாக்கிப் பார்த்தால் தெரிகிறதா?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999-ல் தொடங்கிய டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமன் கதைகளைக் கார்ட்டூன் தொடராக்கியது. 2003-ல் அது கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. அந்நாளைய 2டி வேலையில் கேமரா எங்கே நிற்கிறது என்பதை லேஅவுட் தாள் முதலிலேயே முடிவுசெய்துவிடும். அனிமேட்டர் அந்த ஒரே கோணத்துக்குத்தான் வரைவார்.

ராமன் மடியிலிருந்து பணமுடிப்பை எடுத்து அரசரிடம் நீட்டும் ஷாட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனை நேர்முகமாக வரைந்தால் கையும் முடிப்பும் வயிற்றின் மேலேயே விழும். உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார்த்தால் ஓர் ஆள் நிற்பது தெரியும், கொடுப்பது தெரியாது. மிக்கி மவுஸுக்கு 1929-ல் வெள்ளைக் கையுறை வந்ததற்கும் இதே சிக்கல் ஒரு காரணம்: கறுப்புக் கை கறுப்பு மார்புக்கு முன்னே வந்ததும் காணாமல் போனது.

ராமனுக்கு வழி, உடலை முக்கால் பக்கமாகத் திருப்பி, முழங்கையை விலாவிலிருந்து விலக்குவது. இடையில் பின்னணி தெரியும் அளவுக்கு இடைவெளி வேண்டும். முடிப்பு உடலுக்கு வெளியே, வெறும் சுவருக்கு எதிரே வர வேண்டும். மற்றக் கை தாழ்ந்து அடங்க வேண்டும். பின்னாலுள்ள தூணின் விளிம்பு முடிப்பைத் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும் என்பதால், தூணையும் நகர்த்த வேண்டும். இவை எல்லாம் முதல் கீ படத்திலேயே முடிந்தாக வேண்டும். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்றாலும் இரண்டு விநாடி ஷாட்டுக்கு 24 படங்கள். பிறகு தவறு தெரிந்தால் அத்தனையும் மறுபடி வரைய வேண்டியதுதான்.

இன்று 3டியில் உருவத்தைக் கறுப்பாக்கிப் பார்க்கும் சோதனை ஒரு பொத்தான் வேலை. மாயாவில் விளக்கு எதுவும் வைக்காத காட்சியில் 7-ஐ அழுத்தினால் பாத்திரம் கருநிழலாகிவிடும். கையைத் திருத்தவும் சில நிமிடம் போதும். சிக்கல் வேறு இடத்திலிருந்து வருகிறது. பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து போஸ் அமைப்பவருக்கு, பக்கவாட்டில் மிக அழகாக இருக்கும் நீட்டிய கை, ஷாட் கேமராவில் லென்ஸை நோக்கி வந்து ஒரு குட்டைக் கட்டையாகச் சுருங்குவது கண்ணில் படாது. அதனால் ஷாட் கேமராவைப் பூட்டி, ஒரு ஜன்னலில் அதை எப்போதும் திறந்து வைத்தே வேலை செய்கிறார்கள்.

நிழலுரு எல்லாவற்றுக்கும் விடை ஆகாது. முகம் மட்டும் நிறைந்த குளோசப்பில் கண்ணும் புருவமும்தான் பேசும். தெளிவான போஸும் மூன்றே ஃபிரேமில் கடந்துபோனால் கண்ணுக்கு எட்டாது. ஆனால் உருவம் முழுதாகத் தெரியும் ஷாட்டில், காகிதம் தானாகவே விதித்த ஒற்றைக் கோணக் கட்டுப்பாட்டை இன்றைய அனிமேட்டர் தானே விதித்துக்கொள்ள வேண்டும். அதுவும் போஸ்களுக்கு இடையே அசைவை நிரப்பத் தொடங்கும் முன்பே.