அரை மில்லி எண்ணெய்க்கு 330 கிராம் மாவு

காசிமேட்டு மீனுக்கு மஞ்சளும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் குழைத்துத் தடவி, பாத்திரத்தை இரவு முழுக்க மேடையிலேயே விட்டுவிட்டால் காலையில் கல்லில் ஒரு கறை தெரியும். நடுவில் கருத்த எண்ணெய்த்திட்டு, அதைச் சுற்றி மஞ்சள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வெளிர்நிற கிரானைட் மேடை போட்ட பல வீடுகளில், அடுப்புக்குப் பக்கத்தில் இப்படி ஓரிடம் இருக்கும். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கறையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

முதலில், கல்லுக்குள் எவ்வளவு எண்ணெய் போயிருக்கும்? கட்டடக் கிரானைட்டுக்கான அமெரிக்கத் தரநிலை ASTM C615, கல் தன் எடையில் 0.40 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறது. கல்லின் அடர்த்தியோடு பெருக்கினால், கன அளவில் ஏறத்தாழ 1 சதவீதம் இடம்தான் வெற்று நுண்துளை. கறை 5 மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கறைபட்ட கல் 50 கன சென்டிமீட்டர். அதில் 1 சதவீதம் அரை மில்லி. துளைகள் முழுக்க நிரம்பியிருந்தாலும், ஒரு டீஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். மஞ்சள் இதைவிடவும் சொற்பம். கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் முக்கால் கிராம் இருக்கும். அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின் 3 சதவீதம் என்றால் 22 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதிதான் எண்ணெயோடு கல்லுக்குள் இறங்கியிருக்கும்.

இவ்வளவு குறைந்த பொருள் எத்தனை தேய்த்தாலும் ஏன் போகவில்லை என்றால், அது மேற்பரப்பில் இல்லை. நாரும் சோப்பும் தொடுவது பாலிஷை மட்டும். உள்ளே இருப்பதைக் கரைத்து, மேலே இழுத்து, வேறொன்றில் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் பற்று: உறிஞ்சும் மாவை ஒரு கரைப்பானில் குழைத்துக் கறைமேல் அப்புவது. திரவம் கல்லுக்குள் இறங்கிக் கறையைக் கரைக்கிறது. பற்றின் மேற்பக்கம் காயக் காய, உள்ளே போன திரவம் மாவை நோக்கித் திரும்பி வருகிறது. வரும்போது கறையையும் கொண்டுவந்து மாவில் விட்டுவிட்டு ஆவியாகிறது. இழுக்கும் வேலையைச் செய்வது காய்தல்தான். ஈரமாக இருக்கும்போதே பற்றை வழித்துவிட்டால், கரைந்த கறையில் பாதி கல்லிலேயே தங்கிவிடும். இந்த முறையில் தோற்கிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தோற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

மாவின் அளவுக்கு, கல்தொழிலில் வழங்கும் கணக்கு ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டு. நம் அளவில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிராம். பற்று கறையின் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் போக வேண்டும். இல்லாவிட்டால் கறை வெளிப்பக்கமாக நகர்ந்து வளையமாக நின்றுவிடும். ஆகவே 15க்கு 15, அதாவது 225 சதுர சென்டிமீட்டர். மாவு 110 கிராம், கனம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மாவாக ஆப்பசோடாவே போதும். முல்தானி மட்டியில் இரும்பு கலந்திருக்க வாய்ப்புண்டு. வெள்ளைக் கல்லில் துரு நிறம் விட்டுவிடக் கூடும் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன்.

இனி வரிசை. இது ஒரே கறை மாதிரி தெரிந்தாலும் இரண்டு கறை. குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரையும். மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைகிற ரகம்தான். எண்ணெய் துளைகளை அடைத்திருக்கும்போது தண்ணீர் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடை முதலில் வைத்தால், அது மஞ்சளைப் போய்த் தொடாமல் மேலேயே நுரைத்து அடங்கிவிடும். எனவே முதல் பற்று அசிட்டோனில். எண்ணெய் போன பிறகு பெராக்சைடில்.

முதல் சுற்று: 110 கிராம் ஆப்பசோடாவில் 70 மில்லி அசிட்டோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து அப்ப வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி 24 மணி நேரம். பிறகு தாளை எடுத்துவிட்டு, தொட்டால் பொடியாக உதிரும்வரை இன்னொரு 24 மணி நேரம். பிளாஸ்டிக் அட்டையால் வழித்துத் துடைத்த பிறகு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஈரக் கல் கருத்துத்தான் தெரியும், அதைக் கறை என்று எண்ணி அடுத்த பற்றை வைத்துவிடக் கூடாது.

அசிட்டோன் விஷயத்தில் ஒரு கணக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 70 மில்லி அசிட்டோன் முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 23 லிட்டர் ஆவி. காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். அதாவது அந்த 70 மில்லி, 900 லிட்டருக்கு மேற்பட்ட காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கப் போதும். அந்த ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் மேடைக்குக் கீழே இறங்கும். நம் வீடுகளில் சிலிண்டர் இருப்பது அங்கேதான். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, பற்று காயும்வரை அந்த மேடையில் அடுப்பு பற்றவைக்காமல் இருக்க முடியாது என்றால் அசிட்டோன் வேண்டாம். ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்தும் எண்ணெயை இழுக்கலாம்; சுற்றுகள் கூடும், அவ்வளவுதான்.

தண்ணீர் என்றதும் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. மீஞ்சூர், எண்ணூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை IS 10500, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் கரைந்த உப்புவரை அனுமதிக்கிறது. அந்த எல்லையில் இருக்கும் போர் தண்ணீரை 70 மில்லி எடுத்தால், அதோடு 140 மில்லிகிராம் உப்பும் வருகிறது. அதில் ஒரு பகுதி கல்லுக்குள் போய், காய்ந்தபின் வெள்ளைப் பூப்பாக நிற்கும். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும்; இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். காய்கிற நேரமும் கடற்கரைக் காற்றில் நீளும். கார்த்திகை மழையில் 24 மணி நேரம் என்பது 36 ஆகலாம், மின்விசிறி போட்டால் குறையும்.

இரண்டாம் சுற்று மஞ்சளுக்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத பெராக்சைடு 70 மில்லியில், அதே 110 கிராம் ஆப்பசோடா. அந்த 70 மில்லியில் தூய பெராக்சைடு 4.2 கிராம் இருக்கிறது. உள்ளே இருக்கக்கூடிய அதிகபட்சக் குர்குமினைப்போல 190 மடங்கு. தோலைச் சுட்டுவிடும் தொழிற்சாலை ரகப் பெராக்சைடைத் தேடிப்போக ஒரு காரணமும் இல்லை. பற்று வைத்ததும் ஓரத்தில் லேசான சிவப்பு தெரிந்தால் பதற வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான், காரம் பட்ட குர்குமின் நிறம் மாறுகிறது. இது நல்ல சோதனையும்கூட: ஆப்பசோடாக் கரைசலைத் தொட்டு வைக்கும்போது கறை சிவந்தால் மஞ்சள் இன்னும் இருக்கிறது. நிறம் மாறாமல் வெறுமனே கருத்திருந்தால் மிச்சம் எண்ணெய். முதல் சுற்றுக்கே திரும்ப வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்கிறேன்: ஆப்பசோடா கிலோ 120 ரூபாய், அசிட்டோன் அரை லிட்டர் 200, பெராக்சைடு 100 மில்லி 25, ஒரு பற்றுக்குத் தாளும் டேப்பும் 10. அசிட்டோன் பற்று ஒன்றுக்குச் சோடா 13, அசிட்டோன் 28, தாள் 10. ஆக 51 ரூபாய். பெராக்சைடு பற்று 13, 18, 10 சேர்ந்து 41. எண்ணெய்க்கு இரண்டு சுற்று, மஞ்சளுக்கு ஒன்று என்றால் 143 ரூபாய், மாவு 330 கிராம், காத்திருக்கும் நாளையும் சேர்த்து 9 நாள். செலவு பெரிதில்லை, மேடையின் ஒரு மூலையை 9 நாள் விட்டுக்கொடுப்பதுதான் பெரிது. ஒவ்வொரு பற்றும் மிச்சத்தில் பாதியை இழுக்கிறது என்று வைத்தாலும், மூன்று எண்ணெய்ச் சுற்றுக்குப் பிறகு அரை மில்லியில் எட்டில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் மாவின் நிறத்தில் வித்தியாசம் தெரியாதபோது நிறுத்திவிடலாம்.

எல்லாக் கல்லுக்கும் இது பொருந்தாது. மதுரை மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் காஷ்மீர் ஒயிட், சிவப்புக் கார்னெட் புள்ளிகளோடு, கறையை எளிதில் குடிக்கிற கல். மேலே சொன்ன கணக்கு அதற்கும் அது போன்ற வெளிர்நிறக் கற்களுக்கும். கறுப்புக் கல்லில் பெராக்சைடு வேண்டாம். அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வந்தால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள், அதில் எந்தப் பற்றும் வைக்கக் கூடாது. எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட் எதுவும் எந்தக் கல்லுக்கும் உதவாது. கார்னெட்டில் இருப்பதே இரும்பு. ஆசிட் பட்டால் துரு கசியும்.

குவார்ட்ஸ் மேடை வேறு கணக்கு. அதன் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் தூள், மிச்சம் பாலியெஸ்டர் ரெசின். ரெசின் லேசானது என்பதால் கன அளவில் அது ஏறத்தாழ 15 சதவீதம். நுண்துளை கிட்டத்தட்ட இல்லை. எனவே இழுத்தெடுக்க உள்ளே எண்ணெயும் இல்லை. மஞ்சள் படிவது ரெசினின் மேல்தோலில். அங்கே அசிட்டோன் பற்றை ஒரு நாள் முழுக்க வைத்தால் கறையைவிட ரெசினுக்குத்தான் கேடு. பளபளப்பு போய் மங்கலான சதுரம் நிற்கும், அதற்கு மருந்து கிடையாது. பாத்திர சோப்பால் எண்ணெயைப் போக்கிவிட்டு, ஆப்பசோடாவை 3 சதவீத பெராக்சைடில் குழைத்து அரை மணி நேரம் வைத்துக் கழுவினால் போதும். நிறம் மங்குமா என்று மறைவான மூலையில் முதலில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்ச மஞ்சளை ஜன்னல் வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமின் வெளிச்சத்தில் தானாகச் சிதையும்.

கிரானைட்டில் கறை போன பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் அந்த இடம் கருத்தால் சீலர் அடிக்க வேண்டிய கல். 10 அடிக்கு 2 அடி மேடை 1.86 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டருக்கு வரும் சீலர் என்றால் 190 மில்லி ஆகும். கடைசிப் பற்று முடிந்து கல் முழுக்கக் காய இரண்டு நாளாவது விட்டுத்தான் அடிக்க வேண்டும். உள்ளே எண்ணெய் மிச்சமிருக்கும்போது அடித்தால், பற்றின் திரவம் உள்ளே போகும் வழியையும் சீலரே அடைத்துவிடும்.