இட்லி மாவும் மூணு சென்சாரும்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. பரீட்சை, குளிர், சோம்பேறித்தனம்னு காரணம் எது வேணும்னாலும் வச்சுக்கோங்க. இப்ப வந்ததுக்குக் காரணம் இட்லி மாவு.

இங்கே வெளியே மைனஸ் ரெண்டு டிகிரி. ரூமுக்குள்ளயும் மாவு பொங்க மாட்டேங்குது. ஒரு தெர்மகோல் பெட்டி, உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு, 30 டிகிரி வந்ததும் பல்பை அணைக்க ஒரு ரிலே. இதுதான் திட்டம். ஆனா எந்த இடத்து 30 டிகிரி? பல்பு பக்கம் கொதிக்குது, மூடி பக்கம் சில்லுனு இருக்கு, பாத்திரம் ரெண்டுக்கும் நடுவுல. அதனால மூணு எல்எம்35 சென்சார் வச்சேன். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் சாதனம் அது. மூணுக்கும் ஒரே மதிப்பு கொடுக்க மனசு வரலை. பாத்திரத்துக்கு 0.5, பல்புப் பக்கத்துக்கு 0.3, மூடிக்கு 0.2. கூட்டினா 1 வரணும், அப்பத்தான் விடையும் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்டாவே இருக்கும்.

மூணு ரெசிஸ்டரை ஒரே முனையில் கட்டினா போதாதானு கேக்கலாம். அப்படிக் கட்டினா ஒரு சென்சாரைக் கழற்றினாலே மத்த ரெண்டோட பங்கும் மாறிடும். ஆப்-ஆம்ப்போட தலைகீழ் கூட்டியில் அந்தத் தொல்லை இல்லை. அதோட மைனஸ் முனையை, ஃபீட்பேக் எப்பவும் பூஜ்யம் வோல்ட்டிலேயே பிடிச்சு வச்சிருக்கும். ஒவ்வொரு சென்சாரும் தரையைத்தான் பார்க்குது, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்கறதே இல்லை.

```
Vout = -(Rf/R1*V1 + Rf/R2*V2 + Rf/R3*V3)
```

Rf 10 கிலோ ஓம்னு எடுத்தேன். அப்போ R1 20 கிலோ. R2 33.3 வேணும், கடையில் 33 கிடைக்கும். R3 50 வேணும், கிடைக்கிறது 51. ஒண்ணு கொஞ்சம் கூட, ஒண்ணு கொஞ்சம் குறைய, கூட்டினா 0.999. இதுக்கு மேல என்ன வேணும்? எல்லாம் ஒரு சதவீத ரெசிஸ்டர். விடை மைனஸ்ல வரும்ங்கறதால ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வச்சு பிளஸ் மைனஸ் சப்ளை கொடுத்து, பின்னாடி 10க்கு 10 போட்ட இன்னொரு தலைகீழ் கட்டத்தையும் சேர்த்தேன்.

ராத்திரி மாவை உள்ளே வச்சுட்டுத் தூங்கினேன். காலையில மாவு பெட்டி முழுக்க வழிஞ்சு, புளிச்ச வாடை மூக்கைத் துளைச்சுது. சர்க்யூட் 30னு சொல்லுது, சாதாரண தெர்மாமீட்டரோ 36ங்குது. ரூம்மேட் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசலை.

லேப்ல எடுத்துட்டுப் போய் சென்சார்களைக் கழற்றிட்டு, ரெண்டு உள்ளீட்டைத் தரையில் கட்டி, மூணாவதுக்கு மட்டும் 1 வோல்ட் கொடுத்தேன். இப்படியே ஒவ்வொண்ணா. முதல் கட்டத்துல 0.30 சரி, 0.20 சரி. பாத்திரத்துக்கு மட்டும் 0.50க்குப் பதிலா 0.33! அப்பத்தான் உறைச்சுது. பாத்திரத்து வயர் பல்பு வயரை ஒட்டிப் போனதால 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்துச்சு. அதைத் தடுக்க 10 கிலோ ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வச்சு ஒரு ஃபில்டர் போட்டிருந்தேன். அந்தப் பத்தும் R1ஓட சேர்ந்துடுச்சு. 20 ஆக இருக்க வேண்டியது 30. பத்தை முப்பதால் வகுத்தா 0.33 தானே. ஃபில்டருக்கு அப்புறம் மல்டிமீட்டரை வச்சா 1 வோல்ட் இல்லை, 0.67 தான் காட்டுச்சு. மொத்தப் பங்கு 0.83 ஆயிட்டதால, 30னு காட்ட நிஜத்துல 36 வேணும். கணக்கு அப்படியே உட்கார்ந்துச்சு.

சென்சார் பக்கம் எவ்வளவு ஓம் இருந்தாலும் அது உள்ளீட்டு ரெசிஸ்டரோட சேரும். நடுவுல ஒரு பஃபர் போட்டுத் தீர்க்கலாம். நான் இன்னொரு ஆப்-ஆம்ப் செலவழிக்காம R1-ஐ 10 கிலோ ஆக்கிட்டேன். ஃபில்டரோட 10, இது 10, ஆக 20. கெப்பாசிட்டர் ரெண்டுக்கும் நடுவுல. அது இப்ப பார்க்கறது ரெண்டு பத்தும் இணையா இருக்கற 5 கிலோ, அதனால வெட்டு அதிர்வெண் 24ல இருந்து 32 ஹெர்ட்ஸுக்கு ஏறும். 50க்கு ரொம்பப் பக்கம். கெப்பாசிட்டரை 4.7 ஆக்கினேன், 7 ஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்கிடுச்சு. மாவுக்கு அவசரம் இல்லை.

இன்னொரு வில்லன் ஆஃப்செட். பங்குகளோட கூட்டல் 1 ஆனாலும், ஆப்-ஆம்ப்போட சொந்த ஆஃப்செட்டை இந்தச் சர்க்யூட் ஒண்ணு கூட்டி 2 மடங்கா பெருக்கும். நான் போட்டது எல்எம்358. அதுல ஆஃப்செட் 7 மில்லிவோல்ட் வரை போகலாம், அப்படின்னா 14, அதாவது 1.4 டிகிரி. உள்ளீடு மூணையும் தரையில் கட்டி அளந்தேன், என்னோடதுல 5 மில்லிவோல்ட். அரை டிகிரி. மாவுக்கு இது போதும். துல்லியம் வேணும்னா ஓபி07 போடுங்க, இல்லாட்டி சேனலைக் கூட்டிக்கிட்டே போகாதீங்க, ஒவ்வொரு சேனலும் அந்தப் பெருக்கத்தை ஏத்தும்.

நேத்து காலையில தெர்மாமீட்டர் 30.5. ரூம்மேட் எட்டு இட்லி சாப்பிட்டான்.