பின்னுக்கு எந்த கிரீஸ், எப்போது அடிப்பது?

லாரி உதிரிபாகக் கடையில் போய் கிரீஸ் என்று கேட்டால், "சேஸிஸா, மல்டிபர்ப்பஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சேஸிஸ் கிரீஸ் விலை குறைவு. மல்டிபர்ப்பஸ் கொஞ்சம் கூடுதல். கமான் பட்டையைத் தாங்கும் பின்னுக்கும் ஷேக்கிளுக்கும் விலை குறைந்ததே போதும் என்று ஒரு கட்சி, எல்லாவற்றுக்கும் மல்டிபர்ப்பஸ்தான் என்று ஒரு கட்சி. இரண்டு பேரும் பாதி சரி.

கிரீஸ் என்பது பெரும்பாலும் எண்ணெய்தான். அந்த எண்ணெயை ஓடிவிடாமல் பிடித்துவைக்க ஒரு வகை சோப்பைக் கலக்கிறார்கள். தேங்காய் நாரில் ஊறிய எண்ணெயைப் போல, சோப்பின் இழைகளுக்குள் எண்ணெய் தங்கி, அழுத்தம் விழும்போது கசிந்து வந்து இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கும். பழைய வகை சேஸிஸ் கிரீஸில் இருப்பது கால்சியம் சோப்பு. மல்டிபர்ப்பஸில் பெரும்பாலும் லித்தியம் சோப்பு. வித்தியாசம் முழுக்க இந்த சோப்பில்தான் இருக்கிறது.

கால்சியம் கிரீஸுக்குத் தண்ணீர் பெரிய எதிரி இல்லை. மழையிலும் சேற்றிலும் கரைந்து போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடுதான் அதற்கு ஆகாது. அதன் சோப்பு இழைகளைக் கட்டி வைத்திருப்பதே உள்ளே கலந்திருக்கும் சிறிதளவு தண்ணீர். சூடு ஏறி அந்தத் தண்ணீர் வெளியேறிவிட்டால் கட்டு அவிழ்ந்து, எண்ணெய் தனி, சோப்பு தனி என்று பிரிந்துவிடும். ஆறிய பிறகும் பழைய பதத்துக்குத் திரும்பாது. சுமார் 60 டிகிரி வரைதான் அதை நம்பலாம். 100 டிகிரியை நெருங்கும்போது உருகிச் சொட்டும். லித்தியம் கிரீஸ் உருக 180 டிகிரிக்கு மேல் வேண்டும். 120 டிகிரி வரை தாராளமாக வேலை செய்யும்.

இனி கமான் பட்டையின் பின்னைப் பாருங்கள். அது சுற்றுவதில்லை. வண்டி குலுங்கும்போது புஷ்ஷுக்குள் சில டிகிரி மட்டும் இப்படியும் அப்படியும் திரும்புகிறது. வேகமே இல்லாததால் பெரிதாகச் சூடும் கிடையாது. ஆனால் டன் கணக்கில் சுமை, அதுவும் குழியில் இறங்கும்போது சம்மட்டி அடி மாதிரி விழுகிறது. சுற்றிலும் தூசியும் தண்ணீரும். ஆகவே பின்னுக்குச் சேஸிஸ் கிரீஸ் போதும் என்பவர் சொல்வது தப்பில்லை. அந்த இடத்தில் கிரீஸின் பாதி வேலை உராய்வைக் குறைப்பது என்றால், மறுபாதி உள்ளே போன மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது. அதைச் செய்வது கிரீஸின் தரத்தைவிட, எத்தனை முறை அடிக்கிறோம் என்பதுதான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பட்டறையில் ஒரே கிரீஸ் கன்தான் இருக்கும். பின்னுக்கு அடித்த கையோடு அதே கிரீஸை வீல் பேரிங்கிலும் அடைத்துவிட்டால், மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் டிரம் சூடாகும்போது கால்சியம் கிரீஸ் உருகி ஓடும். பேரிங் காய்ந்துபோகும். சீல் தளர்ந்திருந்தால் எண்ணெய் பிரேக் லைனரில் இறங்கி, அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்காது. புரொப்பல்லர் ஷாப்ட் கிராஸ் ஜாயின்ட்டுக்கும் இதே கதைதான். அது வேகமாகச் சுற்றும் சாமான், லித்தியம்தான் வேண்டும். ஆகவே இரண்டு கன் வைத்துப் பெயர் எழுதிப் பிரிக்க முடியாதவர், அழுத்தம் தாங்கும் ரசாயனம் சேர்த்த 'இ.பி. 2' ரக லித்தியம் கிரீஸ் ஒன்றையே வாங்கி வைப்பது உத்தமம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பும் நீலமும் பச்சையும் வெறும் சாயம். சேஸிஸ் கிரீஸ் என்ற பெயரிலேயே இப்போது லித்தியமும் விற்கிறது. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பழையது முழுக்க வெளியேறிப் புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். இரண்டும் உள்ளே கலந்து நின்றால் சில சமயம் இளகிவிடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? வண்டியின் கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும், அதுதான் ஆரம்பம். ஆனால் அந்தக் கணக்கு நல்ல சாலையை மனதில் வைத்து எழுதியது. கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஏற்றும் டிப்பர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையேட்டில் 5,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது, வண்டி ஒரு நாளைக்கு ஓடுவது 150 கிலோமீட்டர் என்று வையுங்கள். கணக்குப்படி 33 நாளைக்கு ஒருமுறைதான் முறை வரும். அத்தனை நாளும் பின் கல்தூளில் அரைபட்டுக்கொண்டிருக்கும். அதே 5,000 கிலோமீட்டரை நாமக்கல்லிலிருந்து வடக்கே போய்வரும் லாரி இரண்டு வாரத்துக்குள் தார்ச்சாலையிலேயே முடித்துவிடும். டிப்பருக்கு வாரம் ஒருமுறை அடிப்பதே சரி. முன்பக்கம் ஒரு பட்டைக்கு ஒரு நிலைப்பின், இரண்டு ஷேக்கிள் பின் என்று இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு நிப்பிள். கைக் கன்னில் ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் வரும். நிப்பிளுக்குப் பத்து அழுத்து என்றாலும் 60 கிராம்தான். ஒரு கிலோ டப்பா மூன்று மாதத்துக்கு மேல் வரும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய அன்றும், வெள்ளத்தில் இறங்கி ஏறிய அன்றும் கணக்குப் பார்க்காமல் அடித்துவிட வேண்டும்.

இடைவெளி சரிதானா என்பதை பின்னே சொல்லும். முதல் இரண்டு மூன்று அழுத்தில் வெளியே பிதுங்கி வரும் பழைய கிரீஸை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுத்து, ஆனாலும் வழவழப்பாக வந்தால் போதும். செங்கல் பொடி நிறத்தில் வந்தால் உள்ளே துரு, அதாவது கிரீஸ் தீர்ந்து இரும்பு உரசியிருக்கிறது. வெளுத்துப் பால் மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டில் எது வந்தாலும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

அடிக்கும் முறையிலும் ஒரு சங்கதி உண்டு. நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னை மாட்டினால், அதன் தலையில் இருக்கும் மண்ணை நாமே உள்ளே தள்ளுகிறோம். பின்னின் நடுவே நீளமாக ஒரு துளை போய், குறுக்குத் துளை வழியாகக் கிரீஸ் புஷ்ஷுக்கு வரும். இரண்டு பக்கமும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்த்தால்தான் முழுவதும் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அது சுலபமான வழியைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டது. முன் நிலைப்பின்னில் வண்டியின் பாரம் பின்னைக் கீழ்நோக்கி அழுத்துவதால், புஷ்ஷின் அடிப்பக்கம் இறுகி மூடியிருக்கும். தேய்மானம் நடப்பதும் அங்கேதான். அப்போது ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுக்காமல் சேஸிஸுக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். ஆக்சில் தொங்கியதும் அடிப்பக்க இடுக்கு திறக்கும். அந்நேரம் நாலு அழுத்து அடித்தால், அதுவரை போகாத இடத்துக்குக் கிரீஸ் போகும். தூக்கியதும் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் அடியில் கை நீட்ட வேண்டும். இதை அப்படியே கிங் பின்னுக்குச் செய்யாதீர்கள். சக்கரம் தரையில் இருக்க வேண்டுமா, தூக்க வேண்டுமா என்பது ஆக்சிலுக்கு ஆக்சில் மாறும்.

கன் அழுத்தமாக நின்று கிரீஸ் ஏறவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிப்பிளை. அதைக் கழற்றிவிட்டு அடித்துப் பார்த்தால் ஒரு துளி விலைக்குக் கோளாறு தீர்ந்துவிடும். புது நிப்பிள் போட்டும் ஏறாவிட்டால் பின்னின் துளை காய்ந்த கிரீஸால் அடைத்திருக்கிறது. பின்னை உருவிச் சுத்தம் செய்வதைத் தவிர வழியில்லை. உருவும்போது பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தால் பின்னும் புஷ்ஷும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கிளீனர் பையன் வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று பின் ஓரத்தில் பிதுங்கிய கிரீஸைத் துடைத்தால் தடுங்கள். அந்த வளையம்தான் அடுத்த முறை வரை தூசியை வெளியே நிறுத்துகிறது. நிப்பிளே இல்லாத புது வண்டிகளில் மட்டும் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அங்கே இருப்பது ரப்பர் புஷ். அதில் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறி உப்பிப் பிய்ந்துவிடும்.