சீட்டின் மூக்கு

அலுவலக நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கைபேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். 'பைக் ஓட்டினால் ஆண்மை போகும்' என்று தலைப்பு. அவருக்கு வயது 44. தினமும் போக வர 40 கிலோமீட்டர் பைக், நடுவில் ஒன்பது மணி நேரம் நாற்காலி. நாலைந்து மாதமாக விறைப்பு சரியாக வருவதில்லையாம். ஜெல் வைத்த சீட் கவர் ஒன்றும் வாங்கிவிட்டார்.

அந்தச் செய்தியில் இருந்த பைக் அவருடைய பைக் அல்ல. அமெரிக்காவில் பைக் என்றால் முதலில் சைக்கிள். ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை நடந்ததும் சைக்கிள்காரர்களிடம்தான்.

ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, பிட்டத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலும்பு கையில் குத்தும். உடம்பின் பாரத்தைத் தாங்கவேண்டியவை அவைதான். அவற்றுக்கு நடுவே, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி பாரம் தாங்குவதற்கானதல்ல. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்பும் அந்த வழியாக, இடுப்பெலும்பை ஒட்டித்தான் போகின்றன. சைக்கிள் சீட்டின் ஒடுங்கிய முன்பகுதி, அதாவது மூக்கு, சரியாக அங்கேதான் அழுத்துகிறது. ஹேண்டில்பார் தாழ்வாக இருந்து முன்னால் குனிந்து ஓட்டினால் எலும்பின் மேலிருந்த பாரமும் மூக்கின்மேல் வந்துவிடும்.

அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள் உண்டு. வாரம் முழுக்க, நாள் முழுக்க சீட்டில் இருப்பவர்கள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட 90 பேருக்கு மூக்கே இல்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்கள். நடுப்பகுதியில் விழுந்த அழுத்தம் 66 சதவீதம் குறைந்தது. அதற்கு முன் ஓட்டும்போது மரத்துப்போகவே இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதம்தான்; ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். விறைப்பு பற்றிய கேள்வித்தாளிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் தூக்கத்தில் வரும் விறைப்பைக் கருவி வைத்து அளந்தபோது மாற்றம் இல்லை. இதைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 2018-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், நீச்சல்காரர்களையும் ஓட்டக்காரர்களையும்விட சைக்கிள்காரர்களுக்கு விறைப்புக் குறை அதிகம் என்று தெரியவில்லை. ஆனால் மரத்துப்போவது அதிகம்.

ஆகவே கவனிக்க வேண்டிய அடையாளம் மரமரப்பு. சைக்கிளை விட்டு இறங்கியதும் உறுப்பு மரத்து, ஊசி குத்துவதுபோல் இருந்தால், நரம்பு நசுங்கியது என்று அர்த்தம். சில நிமிடத்தில் சரியாகிவிட்டால் சீட்டை மாற்றினால் போதும். மூக்கு மேல்நோக்கி இருந்தால் சமமாக்கலாம். சீட் மிக உயரமாக இருந்தால் மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி நடுப்பகுதி உரசும், அதையும் இறக்கலாம். அவ்வப்போது பெடலில் எழுந்து நின்று ஓட்டினால் ரத்தம் திரும்ப ஓடும். மெத்தை மெத்தென்று இருக்கும் சீட்தான் நல்லது என்பது தப்பு. எலும்பு இரண்டும் மெத்தைக்குள் புதைய, நடுவில் மெத்தை பிதுங்கி மேலே அழுத்தும். நண்பர் வாங்கிய ஜெல் கவரும் அந்த ரகம்தான். மரமரப்பு மறுநாளும் நீடித்தால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மோட்டார் பைக் சீட்டும் பஸ் சீட்டும் ஆபீஸ் நாற்காலியும் அகலமானவை. பாரம் எலும்பிலும் பிட்டத்துச் சதையிலும் பரவிவிடுகிறது. டேங்க் பக்கம் சரிந்து இறங்கும் பைக் சீட்டில் நெடுந்தூரம் போனால் முன்பக்கம் அழுத்தலாம். பின்னால் தள்ளி உட்கார்ந்தாலே குறையும். அந்த இடத்தில் ஒரே அடியாக விழும் அடிதான் உண்மையில் பயப்பட வேண்டியது. கால் வழுக்கி சைக்கிள் பாரின்மேல் விழுவது, விபத்தில் டேங்கில் மோதுவது போன்றவற்றில் ரத்தக்குழாயே சேதமாகலாம். அப்படி அடிபட்ட பிறகு சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீரே போகாவிட்டாலோ, விறைப்பு மணிக்கணக்கில் தணியாமல் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"அப்ப எனக்கு ஏன்?" என்று கேட்டார் நண்பர். மரத்துப்போகிறதா என்றேன். இல்லை. விடிகாலையில் தானாக விறைப்பு வருகிறதா? கொஞ்ச நாளாக அதுவும் குறைவு. விடிகாலையில் நன்றாக வந்து மற்ற நேரத்தில் மட்டும் வராவிட்டால் மனசு, உறவு, தூக்கம் பக்கம் பார்ப்பார்கள். விடிகாலையிலும் இல்லையென்றால் ரத்தக்குழாய், நரம்பு, ஹார்மோன். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சின்னது. கொழுப்போ சர்க்கரையோ குழாயைக் கெடுக்கத் தொடங்கினால், நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடம் முன்பே இங்கே தெரிந்துவிடலாம். ஒன்பது மணி நேர நாற்காலி கெடுதல் செய்கிறது என்றால், பெரும்பாலும் அது அழுத்தத்தால் அல்ல. அசையாத உடம்பில் ஏறும் எடையாலும் சர்க்கரையாலும்.

கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த மெடிக்கல் சான்றிதழில் இருக்கும் என்றார்.