செயலி முன்னேறுகிறதா? அட்டவணையைப் படிக்கும் முறை

ஒரு செயலியை இதுவரை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண் ஒருபோதும் குறையாது. செயலி நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். வந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதே செயலியின் தரத்தைச் சொல்லும். தங்கியவர்களின் விகிதம் ரிட்டென்ஷன் என்றும், விலகியவர்களின் விகிதம் சர்ன் என்றும் அழைக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்தான். ஆனால் யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அவை நேர்மாறான கதைகளைச் சொல்லக்கூடும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, யாரைப் ‘பயன்படுத்துபவர்’ என்று எண்ணுவது என்பது. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். செயலியைத் திறந்தவர் எல்லாரையும் எண்ணினால், ஓர் அறிவிப்பைத் தட்டிவிட்டு உடனே மூடியவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். அந்த வாரத்தில் ஒரு செலவையாவது பதிந்தவரை மட்டும் எண்ணுவதே பொருத்தம். இந்த வரையறையை இடையில் மாற்றினால், முந்தைய வாரங்களையும் புதிய வரையறைப்படி திரும்பக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் வாரத்துக்கு வாரம் ஒப்பிட முடியாது.

அடுத்தது கோஹார்ட். ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஓர் அணி. ஒவ்வோர் அணிக்கும் அட்டவணையில் ஒரு வரிசை. அந்த அணியில் ஒரு வாரம் கழித்து, இரண்டு வாரம் கழித்து எத்தனை சதவீதம் பேர் செலவு பதிந்தார்கள் என்பது அடுத்தடுத்த பத்திகளில் வரும். எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஓர் அட்டவணை இது. 5-ஆம் வாரம் முடிந்த நிலையைக் காட்டுகிறது.

| சேர்ந்த வாரம் | சேர்ந்தவர் | 1 வாரம் கழித்து | 2 வாரம் கழித்து | 3 வாரம் கழித்து | 4 வாரம் கழித்து |
|---|---|---|---|---|---|
| 1 | 1000 | 40% | 31% | 28% | 27% |
| 2 | 1050 | 39% | 30% | 28% | |
| 3 | 2900 | 31% | 22% | | |
| 4 | 1100 | 46% | | | |

முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால், ஆயிரம் பேரில் 600 பேர் முதல் வாரத்திலேயே போய்விட்டது தெரியும். அதன்பின் சரிவு வேகமிழந்து 27 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இப்படி ஓரிடத்தில் நின்றால், செயலி உண்மையாகவே பயன்படும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று பொருள். நிற்காமல் சரிந்துகொண்டே போனால், எத்தனை பேரைக் கொண்டுவந்து சேர்த்தாலும் யாரும் நிலைக்கவில்லை என்று பொருள். எல்லாச் செயலியிலும் முதல் வாரச் சரிவு இருக்கும் என்பதால், ஒரே வரிசையில் 40 என்பது 31 ஆனதைப் பார்த்து இந்த வாரம் மோசம் என்று முடிவு கட்டக்கூடாது. வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் ஒரே பத்தியை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே வயதுள்ள அணிகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும்.

இந்த அட்டவணை இல்லாமல் மொத்த சர்னை மட்டும் பார்ப்பவர் எப்படி ஏமாறுவார் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எளிமைக்காக, பழைய பயனர்கள் எப்போதும் 4000 பேர், அவர்களில் வாரம் 5%, அதாவது 200 பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் வந்த புதியவர்களில் விலகியவர் 600. மொத்தம் 5000 பேரில் 800 பேர் போனதால் சர்ன் 16%. மூன்றாம் வாரத்தில் 2900 பேர் புதிதாக வந்து, 2000 பேர் போய்விட்டார்கள். 6900 பேரில் 2200 என்பதால் சர்ன் 32 சதவீதத்தைத் தொடுகிறது. பழைய பயனர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் எண் இரட்டிப்பாகிவிட்டது.

எதிர்த்திசையில் ஏமாறுவது இன்னும் ஆபத்து. ஒரு வாரம் விளம்பரத்தை நிறுத்தியதால் 300 பேர்தான் வந்தார்கள், அவர்களிலும் 35% பேர்தான் தங்கினார்கள் என்று வைத்துக்கொண்டால், விலகியவர் 195. பழையவர் 200 பேரையும் சேர்த்தால் 4300-க்கு 395. சர்ன் 9% அளவுக்கு இறங்கிவிடும். புதியவர்களைத் தக்கவைப்பதில் செயலி பின்தங்கியிருக்கிறது, மொத்த எண்ணோ பாராட்டுகிறது. புதியவர் அதிகம் விலகுவார், பழையவர் குறைவாக விலகுவார்; இரு தரப்பின் கலவை மாறினாலே மொத்த சர்ன் மாறிவிடும்.

அட்டவணையில் மாற்றம் எந்த வடிவில் தெரிகிறது என்பதே காரணத்தைத் தேடும் வழி. ஒரு வரிசை மட்டும் முழுதாகத் தாழ்ந்திருந்தால், அந்த வாரம் வந்தவர்கள் வேறு வகையினர். மூன்றாம் வாரம் அப்படித்தான். வந்த வழியைப் பிரித்துப் பார்க்கும்போது, தாமாகத் தேடிவந்த 1000 பேரில் வழக்கம்போல் 40% தங்கியதும், விளம்பரம் பார்த்து வந்த 1900 பேரில் 26% மட்டுமே தங்கியதும் தெரிந்தால், குறை விளம்பரத்தில் இருக்கிறதே தவிர செயலியில் இல்லை.

ஒரு குறிப்பிட்ட வரிசையிலிருந்து கீழே வரும் அணிகள் எல்லாம் உயர்ந்தால், புதியவர்களுக்காகச் செய்த மாற்றம் பலித்திருக்கிறது. நான்காம் வாரத்தில் பதிவுப் படிவத்தைச் சுருக்கியிருந்தால், 46% அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். மூன்றாவது வடிவம் சாய்கோடு. ஒரே நாட்காட்டி வாரத்தின் எண்கள் அட்டவணையில் சாய்வாகத்தான் அமையும். மேலே 27, 28, 22, 46 ஆகிய நான்கும் 5-ஆம் வாரத்தில் நடந்தவை. உள்நுழைவு பழுதானாலோ தீபாவளி விடுமுறை வந்தாலோ, பழைய அணி, புதிய அணி என்ற வேறுபாடின்றி அந்தச் சாய்கோடு முழுவதும் தாழும்.

46% என்பதை உடனே வெற்றியாகக் கொண்டாட முடியாது. ஆயிரம் பேர் கொண்ட அணியில் 40% என்ற எண், எந்தக் காரணமும் இல்லாமலே 3 புள்ளிகள் மேலும் கீழும் ஆடக்கூடியது. நூறு பேர் அணியானால் அந்த ஆட்டம் 10 புள்ளி வரை போகும். ஆகவே 39, 40 என்ற வேறுபாட்டுக்குப் பொருளில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்ட அணியில் 6 புள்ளி உயர்வு பொருட்படுத்தத் தக்கது. அப்போதும் அடுத்த பத்திக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து இந்த அணியும் 31 சதவீதத்துக்கே இறங்கினால், விலகல் ஒரு வாரம் தள்ளிப்போனதே தவிர தடுக்கப்படவில்லை.

வார எல்லையும் எண்ணைக் குழப்பும். ஞாயிறு இரவு சேர்ந்தவர் திங்கள் காலை ஒரு செலவு எழுதினால், மறுவாரம் திரும்பி வந்தவராகக் கணக்கில் ஏறுவார். வார இறுதியில் மட்டும் விளம்பரம் ஓடியிருந்தால் அந்த அணியின் எண் இதனால் வீங்கும். ஒவ்வொருவரையும் அவர் சேர்ந்த நாளிலிருந்து ஏழேழு நாளாக எண்ணினால் இந்தக் குறை தீரும். கடைசியாகச் சேர்ந்தவருக்கும் ஏழு நாள் நிறைவடையும்வரை அந்தக் கட்டத்தை நிரப்பக்கூடாது. பாதி வாரத்தின் எண்ணை முழு வாரத்தோடு ஒப்பிட்டால் கடைசி அணி எப்போதும் மோசமாகவே தெரியும்.

வாராந்திரப் பரிசீலனைக்கு மூன்று கேள்விகள் போதும். ஒரு வாரம் கழித்த பத்தி, வந்த வழி மாறாமல், தொடர்ந்து சில அணிகளுக்கு உயர்கிறதா? நான்கு வாரம் கழித்த பத்தியும் அதைப் பின்தொடர்ந்து உயர்கிறதா? பழைய பயனர்களின் சர்ன், புதியவர்களைக் கலக்காமல் தனியே கணக்கிட்டால், கூடாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் செயலி முன்னேறுகிறது. முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால், வரவேற்பு மேம்பட்டிருக்கிறது. தங்குவதற்கான காரணம் இன்னும் மேம்படவில்லை.