பங்கு விலை பாதியாகச் சரிந்ததா?

பங்குச் சந்தையின் இணையதளத்திலிருந்து விலைப் பட்டியலைப் பதிவிறக்கி, தினசரி வருவாயையும் நகரும் சராசரியையும் தாமே கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் வாடிக்கையாளர்கள் பலர். இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எக்செல் போன்ற விரிதாளும் மூன்று சூத்திரங்களும் போதும். சூத்திரங்கள் எளியவை. இடறச் செய்வது பெரும்பாலும் தரவுதான். ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு இதனைக் காண்போம். இது விளக்கத்துக்கான எடுத்துக்காட்டே, பரிந்துரை அன்று.

ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் போனஸ் பங்கு வழங்கியது. அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை இறுதி விலை சுமார் 2,655 ரூபாய். போனஸ் கழிந்த விலையில் வணிகம் தொடங்கிய 28, திங்கட்கிழமை இறுதி விலை சுமார் 1,334 ரூபாய். ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு இரண்டு பங்குகள் உரிமையாயின. ஆகவே அவர் எதையும் இழக்கவில்லை. ஆனால் நடந்த விலையை அப்படியே தரும் பட்டியலில் விரிதாள் காண்பது ஏறத்தாழ 50 விழுக்காடு வீழ்ச்சியை.

கணக்கைத் தொடங்குவோம். 2024 ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பட்டியலை எடுத்து, தேதியை A நெடுவரிசையிலும் இறுதி விலையை B நெடுவரிசையிலும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். முதல் வரிசை தலைப்புக்கு உரியது. பதிவிறக்கிய பட்டியலில் பெரும்பாலும் அண்மைய நாளே மேலே இருக்கும். அதனைப் பழைய நாள் மேலே வருமாறு வரிசைப்படுத்திக்கொள்வது முதல் வேலை. இதைச் செய்யாவிட்டால் ஏற்றம் இறக்கமாகத் தோன்றும். சராசரியோ கடந்த நாள்களை விட்டு வரும் நாள்களைச் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்து, தேதியும் விலையும் கட்டத்தில் வலப்புறம் ஒட்டி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடப்புறம் நின்றால் விரிதாள் அவற்றை எழுத்தாகக் கொண்டிருக்கிறது என்று பொருள். விலை எழுத்தாக இருந்தால் AVERAGE அதனை ஓசையின்றி விட்டுவிடும். தேதி எழுத்தாக இருந்தால் நாம் கீழே செய்யப்போகும் போனஸ் திருத்தம் நிகழாது. பிழைச் செய்தியும் வாராது. எக்செலில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்து Text to Columns கட்டளையைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேதிக்கு, நாள்-மாதம்-ஆண்டு என்பதைக் குறிக்கும் DMY என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனிச் சூத்திரங்கள். C2, D3, E21 ஆகிய கட்டங்களில் முறையே இவற்றை இட்டுக் கீழே இழுத்துவிடலாம்.

```
=IF(A2<DATE(2024,10,28),B2/2,B2)
=C3/C2-1
=AVERAGE(C2:C21)
```

முதலாவது, போனஸுக்கு முந்தைய விலைகளை மட்டும் பாதியாக்குகிறது. இரண்டாவது, முந்தைய நாளோடு ஒப்பிட்ட தினசரி வருவாய். மூன்றாவது, 20 நாள் நகரும் சராசரி. 20 விலைகள் சேரும் வரை அதற்குப் பொருளில்லையாதலால் முதல் 19 கட்டங்கள் வெறுமையாகவே இருக்கட்டும். 20 நாள் என்பது வணிகம் நடந்த 20 நாள். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஒரு மணி நேரமே நடந்த தீபாவளி முகூர்த்த வணிகமும் பட்டியலில் ஒரு முழு வரிசையாகவே நிற்கும்.

திருத்திய கணக்கில் வெள்ளிக்கிழமை விலை 1,327.50 ஆகிறது. திங்கட்கிழமை வருவாய் சுமார் 0.5 விழுக்காடு ஏற்றம்! வீழ்ச்சி என்று அஞ்சிய நாள், உண்மையில் சிறு உயர்வு கண்ட நாள்.

திருத்தாமல் விட்டால் தினசரி வருவாயில் அந்த ஒரு நாள்தான் கெடும். நகரும் சராசரியிலோ பிழை நெடுநாள் தங்கிவிடும். கணக்கு எளிதாக இருக்க, முந்தைய 19 நாள்களும் விலை 2,700 என்றே கொள்வோம். திங்கட்கிழமைச் சராசரி 2,631.70 என வரும். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு பழைய விலை கழிந்து ஒரு புதிய விலை சேர, சராசரி நாளொன்றுக்கு ஏறத்தாழ 68 ரூபாய் இறங்கிக்கொண்டே போகும். அந்த நான்கு வாரமும் விலை சராசரிக்கு வெகு கீழே கிடப்பதாக வரைபடம் காட்டும். அதை நம்பிப் பங்கை விற்றவர், நடவாத ஒன்றுக்கு அஞ்சி விற்றவராவார்.

ஆகவே, எந்தப் பங்காயினும் கணக்கு முடிந்ததும் இந்த ஒரு வரியை D நெடுவரிசைக்கு வெளியே ஏதேனும் வெற்றுக் கட்டத்தில் இட்டுப் பார்ப்பது நன்று.

```
=MIN(D:D)
```

விடை 20 விழுக்காட்டை மிஞ்சிய இழப்பாக வந்தால், அந்தத் தேதியில் போனஸ், முகமதிப்புப் பிரிப்பு போன்றவை உண்டா என்று நிறுவன அறிவிப்புகளில் தேடலாம். 10 ரூபாய் முகமதிப்பு 2 ரூபாயாகப் பிரிந்திருந்தால் வகுக்க வேண்டிய எண் 5. சில இணையதளங்கள் ஏற்கெனவே திருத்திய விலையைத் தருகின்றன. அதனை மீண்டும் பாதியாக்கினால் போனஸ் நாளில் விலை இருமடங்கானதாகத் தோன்றும்.

பதிவிறக்கிய கோப்பு சி.எஸ்.வி. வகையினது. அதே வகையில் சேமித்தால் எண்கள் மட்டுமே தங்கும், சூத்திரங்கள் மறைந்துவிடும். மூடும் முன்னர் `.xlsx` வகையில் சேமித்துக்கொள்ள வேண்டும்.