தேர்வு முடிவும் மீம்ஸ் சிரிப்பும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள் அறிவிக்கப்பட்டவுடன், ஐந்தாம் படிவத்தை முடித்த மாணவர்களின் புலனக் குழுக்கள் மீண்டும் களைகட்டத் தொடங்குகின்றன. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று அங்கே யாரும் எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக, கண்கள் பிதுங்க விழிக்கும் ஒரு நகைச்சுவை நடிகரின் படம் வந்து விழுகிறது. படத்தின்மேல் ஒற்றை வரி எழுதப்பட்டிருக்கும். அடுத்த சில நிமிடங்களில் குழு முழுவதும் சிரிப்புக் குறிகளால் நிறைந்துவிடும். அச்சம் எப்படிச் சிரிப்பாக மாறுகிறது? அந்தச் சிரிப்பு எதுவரை உதவுகிறது?

‘மீம்’ எனும் சொல்லை உருவாக்கியவர் உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், ஒருவரைப் பார்த்து மற்றொருவர் பின்பற்றுவதால் பரவும் கருத்து, இசை, பழக்கம் போன்றவற்றை அவர் இப்பெயரால் குறித்தார். பின்பற்றுதல் எனும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இது பிறந்தது. இன்று நாம் மீம்ஸ் என்றழைக்கும் நகைச்சுவைப் படத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த மாறாத படம். மற்றொன்று, ஒவ்வொருவரும் தம் நிலைக்கேற்ப மாற்றி எழுதும் வரி. தமிழ் மாணவர்களுக்கு அந்த மாறாத படத்தைப் பெரும்பாலும் தமிழ்த் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளே தருகின்றன. குறிப்பாக, நடிகர் வடிவேலுவின் முகபாவங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வின்னர்’ திரைப்படத்தில் அவர் ஏற்ற கைப்புள்ள எனும் பாத்திரத்தை, அப்படம் வந்தபோது பிறந்திராத மாணவர்களும் அறிவார்கள்.

கைப்புள்ள ஏன் தேர்வுக்குப் பொருந்துகிறார்? அவர் வீறாப்பாகப் பேசுவார். பிறகு அடிவாங்கித் திரும்புவார். தேர்வுக்கு முன்னும் பின்னும் மாணவர் இருக்கும் நிலையும் ஏறத்தாழ இதுதான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவர் இரண்டு படங்களை மேலும் கீழுமாக இணைக்கிறார். மேலே, மார்பை நிமிர்த்திப் பேசும் கைப்புள்ள. “ஒரே வாரத்துல செஜாராவ முடிச்சிடுவேன்” என்ற வரி. கீழே, அடிபட்டு நிற்கும் கைப்புள்ள; “செஜாரா என்னை முடிச்சிடுச்சி” என்ற வரி.

இந்த மீம்ஸின் நகைச்சுவை ‘முடித்தல்’ எனும் ஒரே சொல்லில் இருக்கிறது. முதல் வரியில் அது படித்து நிறைவு செய்வதைக் குறிக்கிறது. இரண்டாம் வரியில் வீழ்த்துவதைக் குறிக்கிறது. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறியதும் வென்றவர் தோற்றவராகிவிடுகிறார். ஆனால், இந்தச் சொல்விளையாட்டுக்குப் பின்னால் உண்மையான அச்சம் ஒன்று உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவருக்குச் சான்றிதழ் கிடைக்காது. பிற பாடங்களில் எத்தனை ‘ஏ’ இருந்தாலும், வரலாற்றில் ‘ஜி’ வந்துவிட்டால் அவை கைகொடுப்பதில்லை. இதை மீம்ஸ் விளக்கிச் சொல்லவில்லை. பார்ப்பவர்களும் அதே தேர்வை எழுதியவர்கள் என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி, படம் குழுவில் பகிரப்பட்டபின் நடப்பதைக் கவனிப்போம். முதலில் ஒருவர், “இது நான்தான்” என்கிறார். மற்றொருவர் செஜாராவை எடுத்துவிட்டுக் கூடுதல் கணிதத்தை வைக்கிறார். வேறொருவர் இயற்பியலுக்கு மாற்றுகிறார். மாலைக்குள் ஒரே படத்துக்குப் பல வடிவங்கள் கிடைத்துவிடுகின்றன. தேர்வை எழுதி முடித்தபின் முடிவு வரும்வரை சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விடைத்தாளில் எதையும் திருத்த முடியாது. எனவே, கவலைக்கு வேலை கொடுக்க வழியே இல்லை. மீம்ஸ் அந்தக் கவலைக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. “நான் மட்டும்தான் சரியாக எழுதவில்லை” என்று தனியாக நினைத்திருந்தவர், “எல்லாருமே இப்படித்தான் தவிக்கிறார்கள்” என்று அறிந்துகொள்கிறார். புள்ளிகள் மாறவில்லை, தனிமை மட்டும் குறைந்தது.

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் முன்பே ஆராய்ந்துள்ளது. அதன் மெய்ப்பாட்டியல், எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்கிறது. மாணவர் மீம்ஸ்களை இந்நான்கிலும் அடக்கலாம். முந்தைய இரவில்தான் பாடநூலின் உறையைப் பிரிப்பதைப் பற்றியது இளமை. கேள்வியே புரியாமல் மூன்று பக்கம் எழுதியதைப் பற்றியது பேதைமை. “அந்த அத்தியாயம் வராது” என்று நண்பர் சொன்னதை அப்படியே நம்பி ஏமாந்ததைப் பற்றியது மடமை. எஞ்சியிருப்பது எள்ளல், அதாவது இகழ்ந்து சிரித்தல். பேராசிரியர் எனும் பெயருடைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளுவதாலும் பிறர் தன்னை எள்ளுவதாலும் நகை தோன்றும் என்று பிரித்துக் காட்டுகிறார். மீம்ஸ் கலாச்சாரத்தில் சிக்கல் எழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஒருவருடைய முடிவுத்தாளைப் படமெடுத்து, பெயரை மறைக்காமல், அதன்மேல் வேடிக்கை வரியை எழுதிப் பகிர்ந்தால் என்னவாகும்? அமைப்பில் அது முன்னர்க் கண்ட மீம்ஸைப் போலவே இருக்கும். ஆனால், முதல் மீம்ஸில் அடிவாங்கியவர் கைப்புள்ள. அந்த முகத்துக்குப் பின்னால் எல்லாரும் நின்றுகொள்ளலாம். இரண்டாவதிலோ அடிவாங்குபவர் வகுப்பில் உள்ள ஒரே ஒருவர். அவருக்கு மறைந்துகொள்ள எந்த முகமும் இல்லை. குழு சிரிக்கும்போது அவர் மேலும் தனிமைப்படுகிறார். எனவே, இது அச்சத்தைப் பகிர்ந்துகொள்வதாகாது.

மற்றொரு சிக்கல் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. கனடா நாட்டு உளவியல் அறிஞர் ரோட் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் நகைச்சுவையை நான்கு பாங்குகளாக வகுத்தனர். பிறரோடு இணைவதற்காகச் சிரிப்பது, துன்பத்திலும் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சிரிப்பது, பிறரைத் தாக்கிச் சிரிப்பது, பிறர் ஏற்றுக்கொள்வதற்காகத் தன்னையே தாழ்த்திச் சிரிப்பது என்பவை அவை. “செஜாரா என்னை முடிச்சிடுச்சி” என்பது ஒரு பாடத்தைப் பற்றிய வரி. அதில் அந்தப் பாடத்தில் பட்ட பாடு மட்டுமே பேசப்படுகிறது. “நான் எதற்கும் உதவாதவன்” என்பது ஓர் ஆளைப் பற்றிய வரி. வடிவேலுவின் படம் இரண்டுக்கும் பொருந்தலாம்; பொருள் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை எப்படிக் கண்டறிவது? ஒருவர் தொடர்ந்து தன்னைத் தாழ்த்தும் வரிகளையே பகிர்கிறாரா, அவற்றில் வேடிக்கை குறைந்து கசப்பு மட்டும் எஞ்சியிருக்கிறதா, மற்றவர்களின் மீம்ஸ்களுக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டாரா, நேரில் பேசுவதையும் தவிர்க்கிறாரா என்று பார்க்கலாம். இவற்றுள் சில சேர்ந்து தெரிந்தால், சிரிப்புக் குறியைப் பதிலாக அனுப்புவது போதாது. “நீ நலமா?” என்று குழுவில் கேட்பதைவிடத் தனியாக அழைத்துக் கேட்பது நல்லது. பிறகு, பள்ளியின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமோ நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடமோ தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

முடிவு வெளியாகும் காலையில் குழுவில் மீம்ஸ்கள் குவியும். அவற்றோடு மெல்ல மெல்ல உண்மையான செய்திகளும் வரத் தொடங்கும். சிலர் புள்ளிகளை அறிவிப்பார்கள். சிலர் எதுவும் எழுதமாட்டார்கள். முந்தைய நாள் வரை சேர்ந்து சிரித்த நண்பர்கள் அன்று செய்யக்கூடியது ஒன்றுண்டு. எதுவும் எழுதாதவர் யார் என்று பார்த்து, அவரை முதலில் அழைக்கலாம்.